சோற்றுக்குப் பயப்படும் பிள்ளை

பத்து வயதைத் தாண்டிய பிள்ளை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவதைக் கண்டு, கேட்டால் சண்டை வருகிறது, கேட்காமல் விட்டால் பயமாக இருக்கிறது என்று தவிக்கும் தாய் தகப்பனுக்காக இந்த அத்தியாயம். அவர்கள் கொழும்பிலோ வெளிநாட்டிலோ வேலையில் இருந்தால், பிள்ளையை வளர்க்கும் அம்மாயிக்கும் அப்பாயிக்கும் இது பொருந்தும். உடம்பின் தோற்றத்தைப் பற்றிய பயத்தால் உணவை ஒதுக்குவது, அல்லது சாப்பிட்டதை வெளியேற்றுவது ஒரு நோய். அதை உண்ணல் கோளாறு என்கிறோம். பட்டினி கிடப்பது முக்கியமாக இருந்தால் மருத்துவர் அனோரெக்சியா என்பார். அளவுக்கு மீறி அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தியெடுப்பது முக்கியமாக இருந்தால் புலிமியா என்பார். பெயர்கள் இவ்வளவு தெரிந்தால் போதும். கவனிக்க வேண்டியது நடத்தையை.

"இது தோட்டத்துக்கு வராத நோய்" என்ற எண்ணம்

இப்படி நினைப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் நூற்றுக்கு 32 பேர். சாப்பாடு போதாமல் போவதே நம்முடைய பழைய பிரச்சினை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பிள்ளை தானாகச் சோற்றை ஒதுக்கும் என்பதை நம்பக் கஷ்டம்தான். ஆனால் அந்தப் பழைய பிரச்சினையே இந்தப் புதிய நோய்க்கு நல்ல மறைப்பாகிவிடுகிறது. ஒல்லியான பிள்ளை லயத்தில் யார் கண்ணையும் உறுத்துவதில்லை. மெலிந்தால் "வளர்ற வயசு" என்கிறோம். களைத்தால் "ரத்தம் இல்ல" என்கிறோம். மயங்கி விழுந்தால் "காலையில சாப்பிடாமப் போயிட்டா" என்கிறோம். மூன்றும் பல வீடுகளில் உண்மை என்பதால், நான்காவது ஒரு காரணம் இருக்கலாம் என்று எவரும் தேடுவதில்லை.

வசதியும் நகரமும் இருந்தால்தான் இந்த நோய் வரும் என்ற எண்ணத்தை பிஜித் தீவின் நட்ரோகா பகுதியில் நடந்த ஆய்வு உடைத்தது. அங்கே தொலைக்காட்சி வந்தது 1995இல். நன்றாகச் சாப்பிட்டுப் பூரித்த உடம்பையே அழகென்று கொண்டாடிய ஊர் அது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அந்த ஆண்டு பாடசாலை மாணவிகளிடம் கேட்டபோது, எடையைக் குறைக்க வாந்தியெடுப்பதாக ஒருவர்கூடச் சொல்லவில்லை. 1998இல் மீண்டும் கேட்டபோது நூற்றுக்கு 11 பேர் சொன்னார்கள். கேட்கப்பட்ட மாணவிகள் சில டசின் பேர்தான். தொலைக்காட்சி ஒன்றே காரணம் என்று அதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் பணம் வராத ஊருக்கும் படம் வந்து சேரும், படத்தோடு உடம்பைப் பற்றிய வெட்கமும் வரும் என்பதற்கு அது போதுமான சாட்சி. இன்று ஹட்டன், நுவரெலியா பக்கத்து லயக் காம்பராவில் ரீலோட் போட்ட ஒரு கைபேசி போதும். இலங்கைப் பிள்ளைகளிடம் கண்ட அனோரெக்சியாவைப் பற்றி இந்நாட்டு மருத்துவர்கள் 2002இலேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள்.

இல்லாமையா, பயமா: பிரித்தறிவது எப்படி?

சாப்பாடு போதாத பிள்ளைக்கும் சாப்பாட்டுக்குப் பயப்படும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் எடையில் தெரியாது; தட்டு முன்னால் வரும்போது தெரியும். போதாத பிள்ளை விசேஷ நாளில், கலியாண வீட்டில், அவித்த முட்டையும் இறைச்சியும் கிடைக்கும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிடும். பயப்படும் பிள்ளை அன்றைக்குத்தான் அதிகமாகத் தவிக்கும். முன்பு ஆசையாகத் தின்ற தேங்காய் ரொட்டியை "எண்ணெய்", "மா" என்று தள்ளும். ரொட்டியைச் சிறு துண்டுகளாகப் பிய்த்துப் பிய்த்து ஒரு மணி நேரம் வைத்திருக்கும். சோற்றைக் குழம்பில் பரப்பி, சாப்பிட்டது போலக் காட்டும். தம்பிக்குச் சமைத்துக் கொடுக்கும், சமையல் காணொளிகளை விடாமல் பார்க்கும், தான் மட்டும் "அப்பவே சாப்பிட்டேன்" என்று சொல்லிவிடும். அம்மா பெரட்டுக்குப் போன பிறகும், கொழுந்து நிறுத்து வீடு திரும்பும் முன்பும் பிள்ளை தனியாகச் சாப்பிடும் வீடுகளில் இந்த வார்த்தையைச் சரிபார்க்க ஆளில்லை.

இங்கே குளிரும் ஒரு மறைப்பு. மலையில் ஸ்வெட்டர் போடுவது வழக்கம்தான். எல்லோரும் கழற்றிவிட்ட நடுப்பகல் வெயிலிலும் ஒரு பிள்ளை மட்டும் இரண்டு உடுப்புக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, உடம்பு மெலிந்ததை மறைக்கிறது. மற்றது, பட்டினியால் உடம்பு சூட்டைக் காக்க முடியாமல் உண்மையிலேயே குளிர்கிறது. கழிவறை லயத்துக்கு வெளியே தள்ளியிருப்பதால் வாந்தியும் தெரிவதில்லை. ஒவ்வொரு சாப்பாடும் முடிந்த உடனே வெளியே போவது, கண் சிவந்து திரும்புவது, காதுக்குக் கீழே கன்னம் வீங்குவது, கைவிரல் முட்டியில் காயத் தழும்பு, பற்கூச்சம், கடையில் பேதி மாத்திரை வாங்கியது தெரியவருவது ஆகியவற்றைச் சேர்த்துப் பாருங்கள். வாந்தியெடுக்கும் பிள்ளை மெலிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சாதாரண உடம்போடும் பருமனோடும் இருக்கும் பிள்ளைக்கும் இது வரும். உடம்பைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று முடிவெடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

பெண்பிள்ளைக்கு வந்துகொண்டிருந்த மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து நின்றுபோனால் அது தனியாகவே மருத்துவரிடம் போக வேண்டிய காரணம். ஆண்பிள்ளையிடம் வேறு முகம் தெரியும்: உடம்பை முறுக்கேற்ற வேண்டும் என்று சோற்றை அடியோடு விடுவது, மழையிலும் காய்ச்சலிலும் ஓட்டத்தையும் தண்டாலையும் நிறுத்த முடியாமல் தவிப்பது. அவனைக் கட்டுப்பாடுள்ள பையன் என்று பாராட்டி விடுகிறோம்.

"என் பிள்ளை குண்டாயிருவேன்னு ஒருநாளும் சொன்னதில்லையே" என்று சிலர் கேட்கலாம். சொல்லாமலும் இருக்கும். ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அனோரெக்சியா நோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் பருமனைப் பற்றிய பயத்தைச் சொல்லவேயில்லை. வயிறு ஊதுகிறது, பசியில்லை என்றே சொன்னார்கள். நம்மிடம் அந்த இடத்தில் நிற்கும் சொல் "கேஸ்டிக்". மாதக்கணக்கில் கேஸ்டிக் மருந்து குடித்தும் தேறாமல் மெலிந்துகொண்டே போகும் பிள்ளையை இந்தக் கண்ணோடும் பாருங்கள். அதே சமயம் நீரிழிவு, காசநோய், தைராய்டு, குடல் நோய்களும் பிள்ளையை மெலிய வைக்கும். அதைப் பிரித்துச் சொல்வது மருத்துவரின் வேலை. உங்கள் வேலை பார்த்ததைச் சரியாகக் கொண்டுபோய்ச் சொல்வது.

பேசுவதற்கு முன் செய்ய வேண்டியவை

1. ஒரு வாரம் கவனித்து எழுதுங்கள். தேதி, எந்த வேளை, எதை விட்டது, சாப்பிட்ட பின் என்ன செய்தது. பிள்ளைக்குக் காட்டுவதற்காக அல்ல, மருத்துவரிடம் சொல்வதற்காக. பையைக் கிளறுவது, கழிவறைக் கதவில் காது வைப்பது போன்ற உளவு வேண்டாம். கண்டுபிடித்தால் பிள்ளை இன்னும் ஆழமாக ஒளிக்கும்.

2. நாடித்துடிப்பைப் பாருங்கள். பிள்ளை ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக உங்கள் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். விழித்திருக்கும் பிள்ளைக்கு 50க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. 60க்குக் கீழே இருந்தால் அந்த வாரத்துக்குள் மருத்துவர்.

3. வீட்டுப் பெரியவர்கள் ஒரே பேச்சுக்கு வாருங்கள். அம்மா கெஞ்ச, அப்பா தொலைபேசியில் அதட்ட, அப்பாயி "விடு, பசிச்சா திங்கும்" என்று சொல்ல, இந்த மூன்றுக்கும் நடுவில் நோய் வசதியாக உட்கார்ந்துகொள்ளும்.

4. உடம்பைப் பற்றிய பேச்சை வீட்டில் நிறுத்துங்கள். "கருத்துட்டா", "உடம்பு வச்சிருச்சு" மட்டுமல்ல, "எளச்சு அழகாயிட்டா" என்ற பாராட்டையும். இந்த நோய் உள்ள பிள்ளைக்கு அந்தப் பாராட்டு, இன்னும் குறைக்கச் சொல்லும் கட்டளை. சொந்தக்காரர் சொன்னால், பிள்ளையின் காதில் விழும்படியே "எங்க வீட்டில ஒடம்பப் பத்திப் பேசுறதில்ல அக்கா" என்று சொல்லிவிடுங்கள்.

குறிப்பு: வெள்ளிக்கிழமை விரதமும் கந்தசஷ்டியும் நல்ல பழக்கங்கள்தான். ஆனால் வீட்டில் யாரும் பிடிக்காத விரதங்களைப் பிள்ளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால், விரதம் முடிந்த பிறகும் பழைய சாப்பாட்டுக்குத் திரும்பாவிட்டால், சந்தேகப்படுங்கள். நோய் தெளிவாகும்வரை விரதம் வேண்டாம் என்று பெரியவர்களே சொல்லி, அந்தக் குற்ற உணர்விலிருந்து பிள்ளையை விடுவிக்க வேண்டும்.

குற்றம் சொன்னால் ஏன் மோசமாகிறது?

குற்றம் சொல்லாதே என்றால் அது மென்மையாக இருக்கச் சொல்லும் நல்லுரை போலத் தோன்றும். உண்மையில் அது சிகிச்சையின் ஒரு பகுதி. காரணம் பட்டினி மூளைக்குச் செய்வது. 1944ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, உடலாலும் மனதாலும் ஆரோக்கியமான 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆய்வுக்கு எடுத்து, அடுத்த ஆண்டில் ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்தார். எடையில் கால்வாசி போனது. அதைவிட முக்கியம், அவர்களுடைய குணமே மாறியது. சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பில்லை, சமையல் குறிப்புகளைச் சேகரித்தார்கள், ஒரு தட்டை மணிக்கணக்கில் வைத்துத் தின்றார்கள், எரிந்து விழுந்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எப்போதும் குளிர்ந்தது. திரும்பச் சாப்பிடத் தொடங்கியபின் சிலர் நிறுத்த முடியாமல் அள்ளித் தின்றார்கள். அவர்களில் யாரும் அழகுக்காகப் பட்டினி கிடக்கவில்லை. ஆகவே உங்கள் பிள்ளையிடம் காணும் பிடிவாதம், பொய், கோபம், ஒதுங்கல் ஆகியவற்றில் பெரும் பங்கு பிள்ளையின் குணம் அல்ல, பட்டினியின் விளைவு. பட்டினியால் இறுகிய மனதோடு வாதாடி வெல்ல முடியாது. "ஒன்னால எங்களுக்கு நிம்மதி இல்ல", "நாங்க மழையில நனைஞ்சு கொழுந்து பறிக்கிறது யாருக்கு?" என்பது முழுக்க உண்மையாக இருந்தாலும், பிள்ளைக்குக் கேட்பது "நீ ஒரு பாரம்" என்றுதான். தன்னைத் தண்டிக்க அது அறிந்த வழி சாப்பாட்டைக் குறைப்பது.

இதே காரணத்தால் உங்களையும் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஒரு கேலியால் மட்டும் இந்த நோய் வருவதில்லை. பரம்பரை இயல்பு, பயந்த சுபாவம், எதையும் பிழையில்லாமல் செய்ய வேண்டும் என்ற வேட்கை, பருவ மாற்றம் எல்லாம் சேர்கின்றன. கேலி கொளுத்திப் போடும் குச்சியாக இருக்கலாம்.

பேசும் முறை

விளக்கத்துக்காக ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஹட்டன் பக்கத்துத் தோட்டம். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா கொழும்பில் கடையில் வேலை. தரம் 10இல் படிக்கும் மகள். ஒரு கலியாண வீட்டில் யாரோ ஏதோ சொன்னதிலிருந்து இரவுச் சோற்றை விட்டாள். இப்போது காலை ரொட்டியும் போய், சாயத் தேநீர் மட்டும் குடித்துவிட்டுப் பாடசாலைக்குப் போகிறாள். அம்மா எப்படித் தொடங்கலாம்?

1. இடமும் நேரமும். சாப்பாட்டு நேரம் வேண்டாம். காம்பராவுக்குள்ளும் வேண்டாம், பக்கத்துக் காம்பராவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்கும் என்பது பிள்ளைக்குத் தெரியும். ஞாயிறு பின்னேரம் பீலிக்குத் தண்ணீருக்கோ மரக்கறித் தோட்டத்துக்கோ சேர்ந்து நடந்து போகும்போது பேசலாம். முகத்துக்கு முகம் உட்காருவதைவிடப் பக்கத்தில் நடந்துகொண்டு பேசுவது பிள்ளைக்கு இலகு.

2. கண்டதை மட்டும் சொல்லுங்கள். "நீ ஏன் இப்பிடிப் பண்ற?" என்பது கேள்வி அல்ல, வழக்கு. அதற்குப் பதில்: "கண்ணு, ரெண்டு வாரமா ராத்திரி சோறு எடுக்காமப் படுக்குற. நேத்து படி ஏறும்போது தல சுத்தி நின்ன. எனக்குப் பயமா இருக்கு." இதில் தீர்ப்பு இல்லை, உடம்பைப் பற்றிய சொல்லும் இல்லை.

3. மறுத்தால் சண்டைக்குப் போகாதீர்கள். "ஒண்ணுமில்ல, கேஸ்டிக்" என்பாள். பொய் என்று பிடிக்காமல், "இருக்கலாம். கேஸ்டிக்கோ வேற எதுவோ, டாக்டர் பாக்கட்டும். நானும் கூட வாரேன்" என்று சொல்லுங்கள். முதல் பேச்சில் பிள்ளை ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. மருத்துவரிடம் வரச் சம்மதித்தாலே முதல் பேச்சு வெற்றி.

4. பயத்தைத் திருத்தாதீர்கள், கேளுங்கள். "நான் அசிங்கமா இருக்கேன்" என்று சொன்னால், "சீ, நீ ஒல்லியாத்தானே இருக்க" என்று சொல்லத் தோன்றும். சொன்னால் பேச்சு மறுபடி உடம்பின் அளவுக்கே திரும்பிவிடும். "அப்பிடி நெனைக்கும்போது ரொம்பக் கஷ்டமா இருக்குமே. எப்ப இருந்து கண்ணு?" என்று கேட்டுவிட்டு மௌனமாக இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

5. நோயையும் பிள்ளையையும் பிரித்துப் பேசுங்கள். "நீ பிடிவாதக்காரி" அல்ல, "இந்தப் பயம் ஒன்னயப் போட்டு ஆட்டுது. நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து அதப் பாப்போம்."

அப்பா தொலைபேசியில் பேசும்போது முதல் கேள்வி "சாப்பிட்டியா?" என்றுதான் வரும், அன்பின் கேள்விதான். இந்த நாட்களில் மட்டும் அதை விட்டுவிட்டுப் பாடசாலையை, சிநேகிதியை, நாய்க்குட்டியை விசாரிக்கட்டும். தன்னோடு பேசுகிறார்களா, தன் தட்டோடு பேசுகிறார்களா என்று பிள்ளை கவனிக்கிறது.

"அப்படியென்றால் கண்டிக்கவே கூடாதா?"

அப்படி எடுத்துக்கொள்வது பெரிய தவறு. குற்றம் சொல்லாமல் இருப்பது விட்டுக்கொடுப்பது அல்ல. லண்டன் மோட்ஸ்லி வைத்தியசாலையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, இளவயது அனோரெக்சியாவுக்கு இன்றும் முதலில் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் அடிப்படை எளிது: காரணம் யார் என்று தேடுவதை விட்டுவிட்டு, பிள்ளையின் சாப்பாட்டைச் சில காலம் பெற்றோரே பொறுப்பெடுக்கிறார்கள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு என்று பிள்ளையிடம் கேட்பதில்லை. எடை தேறத் தேற அந்தப் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். மருத்துவரின் மேற்பார்வையில் நடக்க வேண்டியது இது. ஆனால் அதன் மனப்பாங்கை வீட்டில் இன்றே எடுத்துக்கொள்ளலாம்.

நாளுக்கு மூன்று வேளை, நடுவில் இரண்டு சிறு சாப்பாடு, நேரம் மாறாமல். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து தானும் சாப்பிட வேண்டும். காலையில் அம்மா இருக்க முடியாவிட்டால் அப்பாயியோ அக்காவோ இருக்கலாம்; யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். விலைகூடிய சத்துமா தேவையில்லை. சோறு, பருப்பு, முட்டை, தேங்காய்ச் சம்பல், நெத்தலி, பால் தேநீர், வாழைப்பழம் போதும். சாப்பிடும்போது சாப்பாட்டைப் பற்றிப் பேசாமல், "கஷ்டம்னு தெரியும், இன்னொரு வாய்" என்று அமைதியாகத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முடிந்த பிறகு ஒரு மணி நேரம் பிள்ளையோடு இருங்கள்: கரம் விளையாடுங்கள், நாடகம் பாருங்கள். வாந்தியெடுக்கும் உந்துதல் அந்த நேரத்தில்தான் கூடுதல். அடித்துத் திணிப்பது, கைபேசியைப் பிடுங்கித் தண்டிப்பது, "தின்னா புது உடுப்பு" என்று பேரம் பேசுவது, மந்திரிக்கக் கூட்டிப் போய் மாதங்களை வீணாக்குவது நான்கும் அடிக்கடி நடக்கும் பிழைகள். கோயிலுக்குப் போவதில் தடையில்லை, மருத்துவரிடம் போவதை அது தள்ளிப்போடாதவரை.

பாதுகாப்பு: வீட்டில் முயற்சி செய்யக் கூடாத நிலை

ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய எதுவுமே சாப்பிடாத பிள்ளைக்கு, இரக்கப்பட்டு ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். பட்டினி கிடந்த உடம்புக்குச் சட்டென்று உணவு வரும்போது இரத்தத்தில் பொஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து இதயம் நின்றுபோகக்கூடும். அந்தப் பிள்ளைக்கு உணவு தொடங்க வேண்டிய இடம் வைத்தியசாலை. சாப்பிடத் தொடங்கிய நாட்களில் கால் வீங்கினாலும், மூச்சு வாங்கினாலும், குழம்பிப் பேசினாலும் உடனே கொண்டுபோங்கள்.

மயக்கம், நெஞ்சுவலி, 50க்குக் கீழே நாடி, ஒருநாள் முழுக்கத் தண்ணீரும் குடிக்காமை, வாந்தியில் இரத்தம், கைகால் சோர்ந்து எழ முடியாமை, "செத்துப் போயிறலாம்" என்ற பேச்சு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சுவசெரிய அம்புலன்ஸுக்கு 1990க்கு அழையுங்கள். செத்துப்போவதைப் பற்றிப் பேசிய பிள்ளையைத் தனியே விடாதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்கான மருந்தைக் காம்பராவிலிருந்து அகற்றுங்கள்.

இந்த ஆபத்துகள் இல்லையென்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் தொடங்கலாம், ஆனால் சத்து மாத்திரையோடு அங்கேயே நின்றுவிடாதீர்கள். டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ கடிதம் கேளுங்கள். எழுதி வைத்ததைக் கொடுத்து, "பசியில்லாம இல்ல, சாப்பிடப் பயப்படுறா" என்ற ஒரு வாக்கியத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கேஸ்டிக் மருந்தோடு திரும்பி வர நேரிடலாம். படுத்தபடியும் நின்றபடியும் நாடியும் இரத்த அழுத்தமும், இதயத்துக்கு ஈ.சீ.ஜீ, இரத்தத்தில் பொட்டாசியம், பொஸ்பேட் ஆகியவற்றைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள். இரத்தப் பரிசோதனை சரியாக வந்துவிட்டால் நோயில்லை என்று பொருளில்லை. மோசமான நிலையிலும் அது சரியாக வரலாம். மனநல சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினால் வெட்கப்படாமல் போங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இலக்கத்துக்கு அழைத்து, தமிழில் பேசுபவரைக் கேளுங்கள். 1990, 1926 இரண்டையும் இப்போதே கைபேசியில் பதிந்து வையுங்கள்; வீட்டில் இருக்கும் அப்பாயியின் கைபேசியிலும் பதிந்து கொடுங்கள்.